பால் அலர்ஜி விலகுகிறதா என்று அறிவது எப்படி: பிஸ்கட்டில் தொடங்கி பால் டம்ளரில் முடியும் ஏணி

பசும்பால் அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளை விட்டு விலகிவிடும். எப்போது விலகியது என்பது மட்டும் தானாகத் தெரியாது. பாலை அடியோடு நிறுத்திவிட்டு நன்றாக வளரும் குழந்தையைப் பார்த்து, அலர்ஜி இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று எவராலும் சொல்ல முடியாது. கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை எந்த வடிவில், எவ்வளவு, எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைக்குப் 'பால் ஏணி' என்று பெயர். இதன் முதல் படி பால் அல்ல, பால் கலந்து ஓவனில் சுட்ட பிஸ்கட்.

இந்த வழிகாட்டி மிதமான, தாமத வகைப் பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு, மருத்துவர் சம்மதித்து எழுதிக்கொடுத்த திட்டத்தின்படி வீட்டில் ஏணி ஏறுவதைப் பற்றியது. மற்றக் குழந்தைகளுக்கு முதல் படியே மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். அதனால் முதலில் உங்கள் குழந்தை எந்த வகை என்பதைப் பார்ப்போம்.

யார் வீட்டில் ஏறலாம், யார் கூடாது

பால் அலர்ஜியில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடனடி வகை. பால் உள்ளே போன சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தோலில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு வரும். ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் இதை நடத்துகிறது. தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இந்த வகைக்கே உதவும்.

இன்னொன்று தாமத வகை. பால் போன இரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாள் வரை கழித்து மலத்தில் சளி, இரத்தக் கீற்று, ஓயாத எதுக்களிப்பு, வயிற்றுப்போக்கு, எக்ஸிமா என்னும் அரிக்கும் தோல் அழற்சி கிளம்புதல் என்று வரும். இதில் ஐஜிஇ-க்கு வேலை இல்லை. எனவே இரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால் 'பால் கொடுக்கலாம்' என்று பொருள் அல்ல. ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்புரதத்தின் அளவை வைத்து உணவு அலர்ஜிப் பட்டியல் தரும் பேக்கேஜ் பரிசோதனைகள் இரண்டு வகைக்குமே பயன்படாது. அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் வீட்டில் தொடங்கக் கூடாது:

- பாலால் முன்பு மூச்சுத்திணறல், மயக்கம், அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான அலர்ஜி வந்திருந்தால்.
- மிகச் சிறு அளவுப் பாலுக்கே, அல்லது தோலில் பட்டதற்கே, உடல் முழுதும் தடிப்பு வந்திருந்தால்.
- ஆஸ்துமா இருந்து அது கட்டுக்குள் இல்லாவிட்டால்.
- பால் குடித்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்தடுத்து வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டு போயிருந்தால். இது எஃப்பைஸ் எனப்படும் தனி வகை. பரிசோதனை 'நெகட்டிவ்'வாக இருக்கும் என்பதால் மிதமான தாமத வகை என்று தவறாக எண்ணிவிடுவது எளிது. இதற்கு மறுமுயற்சி மருத்துவமனையில் மட்டும்தான்.

ஐந்தாவதாக ஒன்றை மருத்துவர்களிடமே நினைவூட்ட வேண்டியிருக்கும். எக்ஸிமா உள்ள குழந்தை மாதக்கணக்கில் பாலை முற்றிலும் தவிர்த்திருந்தால், அந்த இடைவெளியில் தாமத வகை உடனடி வகையாக மாறியிருக்கக்கூடும். கைக்குழந்தையாக இருந்தபோது எக்ஸிமா மட்டும் வந்தது, இப்போது கொடுத்தால் உதடு வீங்குகிறது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. ஆகவே எக்ஸிமா உள்ள குழந்தைக்கு ஏணியைத் தொடங்கும் முன் பாலுக்கான ஐஜிஇ பரிசோதனை தேவை என்று கேளுங்கள்.

உடனடி வகையில் லேசான தடிப்பு மட்டும் வந்த குழந்தைகளுக்கு, சில நாடுகளில் நிபுணர்கள் வீட்டு ஏணியை அனுமதிக்கிறார்கள். அது அவர்கள் அந்தக் குழந்தையைப் பார்த்து எடுக்கும் முடிவு. படித்துத் தெரிந்துகொண்டு நாம் எடுப்பதல்ல.

காய்ச்சிய பாலும் சுட்ட பாலும் ஒன்றல்ல

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: "பாலை நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தால் போதாதா? எதற்குப் பிஸ்கட்டும் மஃபினும்?"

பாலின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே புரதங்கள். வே புரதங்கள் சூட்டில் உருக்குலைந்துவிடும். மடிந்து சுருண்ட அவற்றின் வடிவத்தைப் பிடித்து எதிர்வினை காட்டும் குழந்தைக்கு, வடிவம் அவிழ்ந்த பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. கேசீன் அப்படியல்ல. எவ்வளவு காய்ச்சினாலும் பெரிதாக மாறாது. ஆக, காய்ச்சுவதால் மட்டும் பாதி வேலைகூட ஆவதில்லை.

மீதி வேலையைச் செய்வது கோதுமை. மாவோடு பாலைக் கலந்து ஓவனில் அரை மணி நேரம் வைக்கும்போது, பால் புரதங்கள் கோதுமையின் குளூட்டனோடு பின்னிக்கொள்கின்றன. குடலில் அவை மெல்லத்தான் வெளியே வரும், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் குறைவாகவே படும். மஃபினின் நடுப்பகுதி வெந்து முடியும்போதும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொதிக்கும் பாலும் அதே சூடுதான். வித்தியாசம் மாவு, நேரம், வறண்ட சூடு ஆகிய மூன்றிலும் இருக்கிறது. பால் பாயசம், பால்கோவா, ரசகுல்லா எல்லாம் 'நன்றாக வெந்த பால்' என்று தோன்றினாலும் ஏணியின் கீழ்ப்படியில் அவற்றுக்கு இடம் கிடையாது.

2008இல் நியூயார்க்கில் நோவாக்-வெக்ஷின் குழுவினர் பால் அலர்ஜி உள்ள 100 குழந்தைகளுக்கு மருத்துவமனையில் வைத்து, பால் கலந்து சுட்ட மஃபினும் வாஃபிளும் கொடுத்துப் பார்த்தார்கள். 68 பேர் சுட்ட பாலைத் தாங்கினார்கள், ஆனால் சாதாரணப் பாலைத் தாங்கவில்லை. 23 பேருக்குச் சுட்ட பாலே ஒத்துக்கொள்ளவில்லை. மீதி 9 பேருக்கு அலர்ஜியே விலகியிருந்தது. இவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தொடக்கத்தில் சுட்ட பாலைத் தாங்கியவர்களே பின்னாளில் சாதாரணப் பாலுக்கும் பழகும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. மஃபினைத் தாங்குவது நல்ல அறிகுறி என்று சொல்வது இதனால்தான். அந்த 23 பேரையும் மறக்க வேண்டாம். சுட்டது என்பதாலேயே எல்லாருக்கும் பாதுகாப்பானது அல்ல.

எந்த வயதில் விலகும் என்பதும் வகையைப் பொறுத்தது. ஐரோப்பியக் குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்த யூரோப்ரிவால் ஆய்வில், கண்டறிந்து ஓராண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது, ஐஜிஇ இல்லாத வகைக் குழந்தைகள் எல்லாரும் பாலைத் தாங்கினார்கள். ஐஜிஇ வகையில் 57 சதவீதம் பேர் தாங்கினார்கள். கடுமையான நிலையில் பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் குழந்தைகளுக்கு இது இன்னும் மெதுவாக, பள்ளி வயது தாண்டியும் நடக்கும்.

தொடங்கும் முன்

பாலை நிறுத்திக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். எக்ஸிமா அடங்கி, மலம் சீராகி, எடை கூடிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே தோல் அரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தொடங்கினால், வருவது மஃபினாலா வேர்க்குருவாலா என்று பிரித்தறிய முடியாது.

கோதுமை ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். முட்டை இதுவரை கொடுத்ததில்லை என்றால் முட்டையில்லாத செய்முறையே வேண்டும். ஒரே கடியில் இரண்டு புதுப் பொருள் போனால் எதற்கு எதிர்வினை என்று தெரியாது.

வீட்டில் ஏதாவது ரகசியமாகப் பால் போய்க்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நெய்யில் புரதம் குறைவு என்பது உண்மை, இல்லை என்பது உண்மையல்ல. தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயை வீட்டில் உருக்கும்போது கசடு கலந்துவிடுவது எளிது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் பசும்பாலுக்கு மாற்றாகாது, புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால், லாக்டோஸ் நீக்கிய பால் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். லாக்டோஸ் சர்க்கரை, அலர்ஜி புரதத்துக்கு. மறைமுகப் பால் தினமும் போய்க்கொண்டிருந்தும் குழந்தை நன்றாக இருந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நல்ல செய்தி. ஏணியை எந்தப் படியில் தொடங்குவது என்பதையே அது மாற்றலாம்.

மருத்துவர் எழுதிய அலர்ஜி மருந்தும் அளவும் வீட்டில் இருக்கட்டும். அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பால் கொடுக்காதீர்கள். எதிர்வினையை அது மறைத்துவிடும், நீங்களும் ஏறக்கூடாத படிக்கு ஏறிவிடுவீர்கள்.

ஏணியின் ஆறு படிகள்

பிரிட்டனில் உருவாகிப் பல நாடுகளில் புழங்கும் ஐமேப் ஏணியில் ஆறு படிகள்: பிஸ்கட், மஃபின், பான்கேக், சீஸ், தயிர், பால். மேலே போகப் போகப் புரதத்தின் அளவு கூடும், சூடும் மாவும் குறையும். வீட்டில் வாங்க வேண்டியது ஒரு ஓடிஜி ஓவன், ஒரு டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி. வெப்பமானியைத் தவிர்க்க வேண்டாம். ஓடிஜியின் திருகு 180 காட்டும்போது உள்ளே 150தான் இருப்பது சாதாரணம்.

*பிஸ்கட்.* மைதா 125 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம், மசித்த வாழைப்பழம் 40 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 2.5 கிராம். பவுடரை முதலில் இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பிறகு மாவில் ஊற்றிப் பிசையுங்கள். உலர்ந்த பவுடரை நேராகத் தூவினால் ஒரு துண்டில் கட்டியாகச் சேரும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. விரல் அளவில் 20 துண்டாக வெட்டி, 180 டிகிரியில் 15 நிமிடம், ஓரம் பழுப்பேறும் வரை சுடுங்கள். பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். எனவே மொத்தத்துக்கு 0.9 கிராம், ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 45 மில்லிகிராம் புரதம் வரும். இது ஒன்றரை மில்லி பாலுக்குச் சமம். டெய்ரி வொயிட்னர் வேண்டாம், அதில் சர்க்கரை சேர்த்திருப்பதால் கணக்கு தப்பும். 'ஒரு டீஸ்பூன்' என்று அளக்கவும் வேண்டாம், உங்கள் வீட்டு ஸ்பூன் வேறாக இருக்கும்.

கடை பிஸ்கட்டை இந்தப் படிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லேபிளில் 'மில்க் சாலிட்ஸ்' என்று இருக்கும், எவ்வளவு என்று இருக்காது. நிறுவனம் கலவையை மாற்றினாலும் நமக்குத் தெரியாது.

*மஃபின்.* மைதா 250 கிராம், சர்க்கரை 40 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், எண்ணெய் 50 மில்லி, மசித்த வாழைப்பழம் 100 கிராம், பால் 250 மில்லி. சரியாகப் பத்துக் கப்பில் ஊற்றி, 180 டிகிரியில் 30 நிமிடம். 250 மில்லி பாலில் சுமார் 8 கிராம் புரதம், ஒரு மஃபினுக்கு 0.8 கிராம். பிஸ்கட்டிலிருந்து இது பதினேழு பதினெட்டு மடங்குத் தாவல் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் முழு மஃபினில் தொடங்காமல் கால் பங்கில் தொடங்குகிறோம்.

இந்தப் படியில் சறுக்குவது எளிது, வேகாத நடுப்பகுதி அதற்கு ஒரு காரணம். ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும் நடுவில் பால் சரியாகச் சுடப்பட்டிருக்காது. குச்சி குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது, பிட்டுப் பார்த்தால் ஈரப் பளபளப்பு தெரியக் கூடாது. ஐயம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். கொஞ்சம் வறண்டு போவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பத்து மஃபின் மாவை ஒரே பெரிய கேக்காக ஊற்றினால் கணக்கு மாறிவிடும், நடுப்பகுதி அதே நேரத்தில் வேகாது. மைதாவுக்குப் பதில் அரிசி மாவோ கேழ்வரகு மாவோ போட்டால் குளூட்டன் இருக்காது, அது வேறு உணவாகிவிடும். முழுக் கோதுமை மாவு போடலாம். பத்தையும் சுட்டு ஆறவைத்து ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பயன்படுத்தினால், தினமும் ஒரே வகை மஃபின் கிடைக்கும்.

*பான்கேக்.* மாவு 125 கிராம், பால் 250 மில்லி, தண்ணீர் 50 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், எண்ணெய் 30 மில்லி. தோசைக்கல்லில் ஆறாக ஊற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு வேகவிடுங்கள். ஒன்றுக்கு 1.3 கிராம் புரதம். அளவில் மஃபினைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் கல்லில் சில நிமிடம் மட்டுமே வேகிறது. படியின் உயரம் இங்கே சூட்டில்தான் இருக்கிறது. பால் ஊற்றிப் பிசைந்த சப்பாத்தியும் இந்த இடத்தைச் சேர்ந்ததே.

*சீஸ்.* கெட்டியான செடார் சீஸ் 15 கிராம் வரை. அதில் ஏறக்குறைய மூன்றே முக்கால் கிராம் புரதம், கோதுமை கிடையாது. பனீரும் இந்தப் படிக்கு உரியதுதான். எடை பார்த்துக் கொடுங்கள், ஒரு சிறு துண்டு என்று கையால் கிள்ளியதே 20 கிராம் இருக்கும்.

*தயிர்.* 125 கிராம் வரை. மோர்க்குழம்பும் நீர்மோரும் தயிருக்கு முன் வைக்கும் நல்ல இடைப்படிகள், பால் ஏணி எழுதியவர்கள் சமையலறையில் அவை இல்லாவிட்டாலும். நீர்மோரில் புரதம் நீர்த்துப்போயிருக்கிறது. ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர் என்று எழுதிவைத்துக் கலந்தால் அளவு கையில் நிற்கும்.

*பால்.* காய்ச்சி ஆறிய பால் 10 மில்லியில் தொடங்கி 30, 60, 100, கடைசியில் 200 மில்லி.

எந்த நேரத்தில், எந்த வேகத்தில்

காலையில் கொடுங்கள். கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் குழந்தை விழித்து, உங்கள் கண்முன் இருக்க வேண்டும். பயண நாள், கல்யாண வீடு, ஊர்த் திருவிழா வேண்டாம். மருத்துவர் கிளினிக்கில் இருக்கும் வார நாளாகப் பாருங்கள். ஓட்டமும் வெந்நீர்க் குளியலும் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இருக்கட்டும்.

தாமத வகையில் எதிர்வினை மூன்றாம் நாள்கூட வரலாம் என்பதால், ஒவ்வோர் அளவிலும் மூன்று நாள் நிற்க வேண்டும். நன்றாகப் போகிறது என்று இரண்டாம் நாளே அளவைக் கூட்டினால், நான்காம் நாள் வரும் இரத்தக் கீற்று எந்த அளவுக்கானது என்று சொல்ல முடியாமல் போகும். ஒரு படியின் முழு அளவைத் தொட்ட பிறகு, அதிலேயே இன்னும் ஒரு வாரம் நின்று பிறகு மேலே போகலாம். மருத்துவர் மெதுவாகப் போகச் சொன்னால் அவர் சொன்ன வேகமே.

ஏறிய படியைக் கைவிடக் கூடாது. மஃபின் வரை ஏறிவிட்டு, அடுத்த படிக்குத் தயக்கத்தால் மூன்று வாரம் எதுவுமே கொடுக்காமல் விட்டால், திரும்ப மஃபினிலேயே தொடங்கக் கூடாது. ஒரு படி கீழே இறங்கிச் சிறு அளவில் தொடங்குங்கள். வாரத்தில் பல நாள் அந்தப் படியின் உணவு உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி, தடுப்பூசி போட்ட மறுநாள் ஆகியவற்றில் அளவைக் கூட்டாதீர்கள். நோயுற்றிருக்கும்போது நேற்று தாங்கிய அளவை இன்று தாங்காமல் போவது உண்டு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்தால் நிறுத்திவிட்டு, சரியான பிறகு முந்தைய அளவில் தொடங்குங்கள்.

ஒரு குழந்தையின் ஏணி

எடுத்துக்காட்டாக 14 மாதம், ஒன்பதரைக் கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் பால் பவுடர் கொடுத்தபோது சளியும் இரத்தமும் கலந்த மலம். பாலை நிறுத்தியதும் இரண்டு வாரத்தில் சரியானது, திரும்பக் கொடுத்தபோது மறுபடி வந்தது. இப்படித் திரும்பக் கொடுத்து உறுதி செய்த பிறகுதான் அது பால் அலர்ஜி என்று எழுதப்பட்டது. எக்ஸிமா இல்லை, மூச்சுத் தொந்தரவு இல்லை, அடுக்கு வாந்தி இல்லை. கோதுமை சாப்பிடுகிறாள். வீட்டு ஏணிக்கு மருத்துவர் சம்மதிக்கிறார்.

முதல் மூன்று நாள் அரைத் துண்டு பிஸ்கட், அடுத்த மூன்று நாள் ஒன்று, அடுத்த மூன்று நாள் இரண்டு, பிறகு மூன்று. ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் மூன்றிலேயே நிற்கிறாள்.

மஃபின் கால் பங்கு மூன்று நாள், சரி. அரைப் பங்கின் இரண்டாம் நாள் தண்ணீராக நான்கு முறை போகிறாள், 101 டிகிரி காய்ச்சல், வீட்டில் அண்ணனுக்கும் அதே. மலத்தில் சளியோ இரத்தமோ இல்லை. இது தொற்று என்றே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, ஆனாலும் ஏணி நிற்க வேண்டும். ஐந்து நாளில் சரியாகிறாள். மலம் பழையபடி ஆன பிறகு இரண்டு பிஸ்கட்டில் தொடங்கி, கால் மஃபின், அரை மஃபின் என்று போனால் இம்முறை ஒன்றும் இல்லை. முதல் தடவையே 'மஃபின் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டியிருந்தால், சில மாதங்கள் வீணாகியிருக்கும்.

பான்கேக்கும் சீஸும் தடையின்றிப் போகின்றன. தயிர் இரண்டு ஸ்பூனில் சரி. 60 கிராமுக்குப் போன மூன்றாம் நாள் மலத்தில் சளி, நான்காம் நாள் இரத்தக் கீற்று, வயிற்றைப் பிடித்து அழுகை. காய்ச்சல் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. இது எதிர்வினை. தயிரை நிறுத்திச் சீஸுக்கு இறங்கினால் சில நாளில் மலம் தெளிகிறது. சீஸையும் மஃபினையும் விடாமல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் சொல்லி, இரண்டு மாதம் கழித்து நீர்மோரில் திரும்பத் தொடங்குகிறார்கள். இந்த முறை தயிர்சாதம் வரை போகிறாள். தயிர்ப் படியில் சறுக்கியதால் கீழ்ப்படிகள் பொய்யாகிவிடவில்லை. அவள் தாங்கும் எல்லை அன்று அங்கே இருந்தது, பிறகு நகர்ந்தது.

இதைப் பிரித்தறிய உதவியது நோட்டுப் புத்தகம்தான். தேதி, நேரம், என்ன கொடுத்தது, எத்தனை கிராம், மலம் எப்படி, தோல் எப்படி, அன்று வேறு நோய் இருந்ததா. மலத்தை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, 'லேசாக சிவப்பு' என்ற சொல்லைவிட மருத்துவருக்கு அது பயன்படும்.

எதிர்வினை வந்தால்

வாயைச் சுற்றி மட்டும் சற்றுச் சிவந்து அரை மணியில் மறைந்தால், அது உணவு தோலில் பட்டதால் இருக்கலாம். குறித்துவையுங்கள், மறுநாள் கொடுக்கும் முன் வாயைச் சுற்றி வாஸ்லின் தடவிப் பாருங்கள். ஆனால் உடலின் வேறு இடத்தில் தடிப்பு, உதடு அல்லது இமை வீக்கம், சில நிமிடத்தில் வாந்தி என்று வந்தால் அது தாமத வகை அல்ல. அலர்ஜி மருந்தைக் கொடுத்து அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீட்டு ஏணி அங்கேயே முடிந்தது. ஐஜிஇ பரிசோதனை முடிந்து மருத்துவர் சொல்லும் வரை அந்தப் படிக்குத் திரும்பக் கூடாது.

குரல் கம்முதல், தொடர் இருமல், இழுப்பு, வெளிறுதல், துவளுதல், நினைவு மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. குழந்தையைப் படுக்கவையுங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவிடுங்கள். தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். இந்த நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி சிரப் இதற்கு மாற்றாகாது, சிரப் வேலை செய்கிறதா என்று காத்திருப்பது ஆபத்து. தானே செலுத்தும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஊசி வைத்திருக்க வேண்டிய குழந்தைக்கு மருத்துவர் ஆம்பூலையும் சிரிஞ்சையும் கொடுத்து, எடைக்கான அளவைக் குறித்து, கையால் செய்து காட்டியிருப்பார். அப்படி வைத்திருக்கச் சொல்லப்பட்ட குழந்தை, அந்த மருத்துவரின் தெளிவான அனுமதி இல்லாமல் இந்த ஏணியைத் தொடவே கூடாது.

முதல் படியான பிஸ்கட்டிலேயே தாமத எதிர்வினை வந்தால், முழுதாக நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் கழித்து மறுமுயற்சி வைப்பார்கள்.

200 மில்லி ஆன பிறகு

200 மில்லி பாலைக் குழந்தை ஒரு வாரம் தொந்தரவின்றிக் குடித்தால், பால் அலர்ஜி விலகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தயிரும் சீஸும் ஒத்துக்கொண்டு, பால் மட்டும் குடித்ததும் வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, நுரைத்த மலம் போனால், அது லாக்டோஸாலும் இருக்கலாம். சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு, தயிரிலும் பாலைவிடக் குறைவு. இதை மருத்துவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், அலர்ஜி திரும்பிவிட்டது என்று மறுபடி எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

அங்கன்வாடி, பள்ளி, தாத்தா பாட்டி வீடு என எல்லா இடத்திலும் இப்போது புதிய நிலையைச் சொல்ல வேண்டும். ஏணியின் நடுவில் இருந்தபோதும் இதைத்தான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்: 'பிஸ்கட் சாப்பிடலாம், பாயசம் கூடாது' என்பது கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும், பிறந்தநாள் கேக்கின் மேலுள்ள க்ரீம் சுடப்படாதது என்று யாருக்கும் தோன்றாது. எழுதிக் கொடுப்பது நல்லது.

பசும்பாலுக்கு மாற்றாக எழுதிக்கொடுத்த சிறப்புப் பால் பவுடரையும் கால்சியம் சிரப்பையும் பால் அளவு நிலைபெற்ற பிறகு மருத்துவர் குறைப்பார். இவ்வளவு நாள் கிடைக்காததை ஈடுகட்டுவதாக நினைத்து டம்ளர் டம்ளராக ஊற்ற வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குழந்தைக்குப் பசி மந்தித்து, இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வரலாம்.